இருபது இருவது ஆகிறது, முப்பது ஏன் அப்படியே நிற்கிறது?

பத்திலிருந்து எண்பது வரை பத்துப் பத்தாக, கொஞ்சம் வேகமாக, வீட்டில் பேசுகிற மாதிரியே எண்ணிப் பாருங்கள். பத்து, இருவது, முப்பது, நாப்பது, அம்பது, அறுவது, எழுவது, எம்பது. பெரும்பாலானவர்கள் வாயில் இப்படித்தான் வரும். எழுதும்போது எல்லாவற்றிலும் ஒரே ‘ப’தான் போடுகிறோம், ஏனென்றால் எல்லாமே ‘பத்து’ என்ற ஒரே சொல்லிலிருந்து வந்தவை. ஆனால் பேசும்போது இருபது, அறுபது, எழுபது மூன்றிலும் அந்த ப கரைந்து வ ஆகிவிடுகிறது. முப்பதை யாரும் ‘முவ்வது’ என்பதில்லை, ஐம்பதை யாரும் ‘ஐவ்வது’ என்பதில்லை. எவ்வளவு அவசரமாகப் பேசினாலும் சரி, இந்த இரண்டு இடத்திலும் ப அசைந்து கொடுக்காது.

இது சோம்பேறித்தனமோ கொச்சையோ இல்லை. அப்படி இருந்தால் எல்லா எண்ணிலும் ப கெட்டுப்போயிருக்க வேண்டும். குறிப்பிட்ட இடத்தில் மட்டும், அதுவும் ஊர் ஊராக, சொல்லி வைத்த மாதிரி மாறுகிறது என்றால் அதன் பின்னால் ஒரு ஒழுங்கு இருக்கிறது. மொழியியலில் இதற்கு லெனிஷன் என்று பெயர், ஒரு மெய்யொலி தன் வலிமையை இழந்து மெலிவது. அதற்கு எதிர்த்திசையில் மெல்லிய ஒலி ஒன்று வலுப்பெறுவது ஃபோர்டிஷன். தமிழில் மெலிவு, வலிவு என்று வைத்துக்கொள்ளலாம். நன்னூல் படித்தவர்களுக்கு மெலித்தல், வலித்தல் என்ற விகாரங்கள் நினைவுக்கு வரும், ஆனால் அவை வேறு. அங்கே மெலித்தல் என்றால் வல்லின மெய் மெல்லினமாக மாறுவது, தட்டை என்பது தண்டை ஆவது போல. நாம் பேசப்போவது ஒலியின் இறுக்கம் தளர்வதைப் பற்றி.

சரி, வலிமை என்றால் என்ன? சத்தமாகச் சொல்வதா? இல்லை. காற்று வெளியேறும் வழியை வாய் எவ்வளவு முழுமையாக, எவ்வளவு நேரம் அடைக்கிறது என்பதுதான் கணக்கு. ‘அப்பா’ என்று சொல்லும்போது உதடுகள் இறுக மூடி, அப்படியே கொஞ்ச நேரம் நின்று, பிறகு திறக்கின்றன. தொண்டையில் குரல் அதிர்வும் அந்த நேரத்தில் நின்றுவிடுகிறது. ஒரு மெய்யொலி இதைவிட வலுவாக இருப்பது கடினம். ‘பத்து’வின் முதல் ப அடுத்த படி: அடைப்பு உண்டு, குரல் அதிர்வு இல்லை, ஆனால் நீளம் குறைவு. அதற்கும் கீழே ‘அம்பு’வில் வருகிற ப, அதாவது பஸ் என்று சொல்லும்போது வருகிற ப. உதடு மூடுகிறது, ஆனால் தொண்டை அதிர்ந்துகொண்டே இருக்கிறது. அதற்கும் கீழே, உதடுகள் நெருங்கி வந்து முழுதாகத் தொடாமல் காற்றை விட்டுவிடுகிற ஒலி. ‘கோபம்’ என்று சாதாரணமாகப் பேசும்போது பல பேர் வாயில் வருவது இதுதான். அதற்கும் கீழே வ. வ-வும் தேய்ந்தால் ஒன்றுமே மிச்சம் இருக்காது.

ப்ப, ப, குரலோடு வரும் ப, உதடு ஒட்டாத ப, வ, பிறகு வெறுமை. இதுதான் உதட்டொலிகளின் வலிமை வரிசை. மேலிருந்து கீழே இறங்கினால் மெலிவு, ஏறினால் வலிவு.

இப்போது எண்களுக்குத் திரும்புவோம். இருபதில் ப-வுக்கு முன்னால் உ, பின்னால் அ. இரண்டும் உயிர். உயிரொலி சொல்லும்போது வாய் திறந்திருக்கிறது, குரல் அதிர்ந்துகொண்டிருக்கிறது. நடுவில் ஒரு ப வருகிறது என்றால், அதிர்வை நிறுத்தி, உதட்டை முழுதாக மூடி, திறந்து, மறுபடி அதிர்வைத் தொடங்க வேண்டும். தனி ப-வுக்குக் கிடைக்கிற நேரம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குள் அதிர்வை நிறுத்தித் தொடங்குவது வீண்வேலை, அதனால் முதலில் அதிர்வு நிற்காமல் தொடர்கிறது. இது முதல் படி இறக்கம். பேச்சு இன்னும் வேகமானால் உதடு மூடப் போய், முழுதாக மூடுவதற்குள்ளேயே அடுத்த உயிருக்காகத் திறக்க வேண்டிய நேரம் வந்துவிடுகிறது. இது இரண்டாம் படி. அப்படி உதடு ஒட்டாமல் வந்த ஒலியைக் கேட்டுப் பழகுகிற அடுத்த தலைமுறை அதை வ என்றே எடுத்துக்கொள்கிறது. இருவது பிறந்துவிட்டது.

முப்பதில் நிலைமை வேறு. அங்கே ப்ப இரட்டித்திருக்கிறது. உதடு மூடுவதற்கு நேரம் தாராளமாக இருக்கிறது, ஆகவே பாதி வழியில் திரும்ப வேண்டிய அவசியம் இல்லை. அதோடு இன்னொன்றும் நடக்கிறது, இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. குரல் அதிர வேண்டுமானால் நுரையீரலிலிருந்து காற்று மேலே ஓட வேண்டும். உதடு மூடியே இருந்தால் வாய்க்குள் காற்று நிரம்பி அழுத்தம் ஏறுகிறது, கீழிருந்து வரும் அழுத்தத்துக்குச் சமமாகிறது, காற்றோட்டம் நிற்கிறது, அதிர்வும் தானாக அணைகிறது. அதாவது அடைப்பு நீளமாக இருந்தாலே போதும், குரலற்ற ஒலியாக இருப்பதுதான் அதற்கு எளிது. தனி ப மெலிய உதவுகிற அதே உடற்கூறு, இரட்டை ப்ப-வை மெலிய விடாமல் காக்கிறது.

ஐம்பது இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ம் சொல்லும்போதே உதடு மூடியாகிவிட்டது, காற்று மூக்கு வழியாகப் போகிறது, தொண்டை அதிர்ந்துகொண்டிருக்கிறது. அடுத்து வரும் ப-வுக்கு உதடு புதிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை, மூக்குவழியை மட்டும் அடைத்தால் போதும். ஆகவே அடைப்பு பத்திரமாக இருக்கிறது. ஆனால் அதிர்வு ம்-இலிருந்து வழிந்து ப-வுக்குள்ளும் வந்துவிடுகிறது. அதனால்தான் அம்பது பஸ் ப-வோடு நிற்கிறது: முப்பது அளவுக்கு வலுவும் இல்லை, இருவது அளவுக்கு மெலிவும் இல்லை.

நாற்பதைப் பற்றி ஒரு வரி. நாற்பது நாப்பது ஆவது மெலிவு அல்ல. ற் தன் இடத்தை விட்டுப் பக்கத்தில் இருக்கும் ப போலவே மாறிவிட்டது, அவ்வளவுதான். அதனால் ப இரட்டித்து இன்னும் வலுவாகிவிட்டது. பேச்சில் எழுத்து மாறுவதையெல்லாம் மெலிவு என்று எடுத்துக்கொள்வது இந்தப் பாடத்தில் எல்லாருக்கும் முதலில் வருகிற தடுமாற்றம்.

இந்த விதி ப-வுக்கு மட்டும் சொந்தமில்லை. க-வைப் பாருங்கள். பக்கம், தங்கம், பகல் மூன்றிலும் க இருக்கிறது, மூன்றும் மூன்று ஒலி. பக்கத்தில் முழு அடைப்பு, தங்கத்தில் அடைப்போடு அதிர்வு, பகலில் பலருக்கு வெறும் ஹ மாதிரி ஒரு மூச்சு. அப்புறம் கடைசிப் படி ‘போகிறேன்’. பேச்சில் போறேன் ஆகி, அந்தக் க மறைந்தே போய்விட்டது. ஆனால் ‘படிக்கிறேன்’ படிக்கிறேன்தான், ‘பார்க்கிறேன்’ பாக்குறேன்தான். க்க இருக்கிற வினையில் க தப்பித்தது, தனி க இருக்கிற வினையில் காணாமல் போனது. கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியபோதே, ஒரே எழுத்து இடத்தைப் பொறுத்து அதிர்வில்லாமலும் அதிர்வோடும் ஒலிப்பதை இந்த மொழிகளின் முக்கியமான விதியாகக் குறித்து வைத்தார்.

விதி உண்மையா என்று சோதிக்க, அதே எண்கள் பக்கத்து மொழியில் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பது நல்ல வழி. கன்னடத்தில் பத்து என்பது ஹத்து. அதற்கு மேல்: இப்பத்து, மூவத்து, நலவத்து, ஐவத்து, அரவத்து, எப்பத்து, எம்பத்து, தொம்பத்து. தொண்ணூறுகூட அங்கே பத்தை வைத்தே அமைந்திருக்கிறது.

தமிழில் இருபது மெலிந்தது, முப்பது நின்றது. கன்னடத்தில் இருபது (இப்பத்து) நின்றது, முப்பது (மூவத்து) மெலிந்தது! தலைகீழ். எழுபதும் அப்படித்தான்: நம்முடையது எழுவது, அவர்களுடையது எப்பத்து. முதல் பார்வைக்கு விதி பொய்த்துப்போன மாதிரி இருக்கும், ஆனால் ஒவ்வொன்றிலும் ப எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தமிழில் இரு என்பதன் உ அப்படியே இருக்கிறது, அதனால் ப இரண்டு உயிர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. கன்னடத்தில் அந்த உயிர் இல்லை, இர் என்பதன் ர் நேராக ப-வோடு மோதி, ப-வாகவே மாறி, இரட்டித்துவிட்டது. மூன்றுக்குத் தமிழில் குறில் மு, பின்னால் ப்ப. கன்னடத்தில் நெடில் மூ, பின்னால் ஒற்றை ப, அது வ ஆயிற்று. ஏழில் தமிழுக்கு எழு என்று உயிர் உண்டு, கன்னடத்தில் அது இல்லாமல் மெய்யும் மெய்யும் சேர்ந்து ப்ப ஆனது. ஐம்பதில் நம்மிடம் ம் இருக்கிறது, கன்னட ஐவத்துவில் இல்லை, அடைப்பைத் தாங்கிப்பிடிக்க ஆள் இல்லாததால் ப இறங்கிவிட்டது. எம்பத்துவில் ம் இருக்கிறது, அங்கே ப அதிர்வோடு நிற்கிறது, நம் எம்பது போலவே.

ஆக, மெலிவது எந்த எண் என்பதில் இரு மொழியும் முரண்படுகின்றன, எந்த இடம் என்பதில் ஒத்துப்போகின்றன. மெலிவு சொல்லைப் பார்ப்பதில்லை, அக்கம்பக்கத்தைப் பார்க்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது கஷ்டம்.

தெலுங்கு இன்னொரு படி போய்விட்டது. இருபது அங்கே இரவை, அறுபது அரவை, முப்பது முப்பை. ப விஷயத்தில் தமிழோடு அப்படியே பொருந்துகிறது: இரண்டிடத்தில் வ, இரட்டித்த இடத்தில் ப்ப. கூடவே கடைசியில் இருந்த தகரமும் போய்விட்டது. பத்துக்குத் தெலுங்குச் சொல் பதி, அதில் அந்த ஒலி இன்னும் இருக்கிறது. இரவையில் அது இரண்டு உயிர்களுக்கு இடையே தேய்ந்து ஒன்றுமில்லாமல் ஆகி, மிஞ்சிய உயிர்கள் ஐ என்று ஒட்டிக்கொண்டன.

ஹத்து என்று ஒன்று சொன்னேனே, அதை விட்டுவிட முடியாது. சொல்லின் முதலில் வரும் மெய் பொதுவாக வலுவான இடத்தில் இருக்கிறது, முன்னால் உயிர் இல்லாததால் மெலியக் காரணம் குறைவு. ஆனாலும் கன்னடத்தில் சொல் முதல் ப பெரும்பாலும் ஹ ஆகிவிட்டது. பால் ஹாலு, பூ ஹூவு, புலி ஹுலி, பல் ஹல்லு, பெண் ஹெண்ணு. பழைய கன்னடத்தில் இவையெல்லாம் ப-வோடுதான் இருந்தன. பத்தாம் நூற்றாண்டு வாக்கிலிருந்து ஹ மெல்ல நுழைந்து, சில நூற்றாண்டுகளில் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இதிலும் இரட்டித்த ப்ப-வை மாற்றம் தொடவே இல்லை: உப்பு இன்றும் உப்புதான், தப்பு தப்புதான்.

இங்கே ஒரு கேள்வி வரும். ப-விலிருந்து வ-வுக்கு இறங்குவது சரி, உதட்டொலி உதட்டொலியாகவே தளர்கிறது. ஹ எங்கிருந்து வந்தது? இது இறங்குவதற்கான இரண்டாவது வழி. முதல் வழியில் குரல் அதிர்வு சேர்ந்து ஒலி தளர்கிறது. இரண்டாவது வழியில் அதிர்வு சேராமலே அடைப்பு மட்டும் திறக்கிறது. உதடு லேசாக விலகி ஃப மாதிரி ஒரு காற்றொலி வருகிறது, பிறகு உதட்டின் பங்கும் போய்த் தொண்டைக் காற்று மட்டும் மிஞ்சுகிறது, அதுதான் ஹ. ஜப்பானிய மொழியும் இதே வழியில் வந்ததுதான், பழைய ப அங்கே ஃப போன்ற ஒலி வழியாக ஹ ஆயிற்று.

அப்படியானால் ஹ வலுவானதா, வ வலுவானதா? இதற்கு நேரடியாகப் பதில் சொல்ல முடியாது, இரண்டும் வேறு வேறு பாதையில் இருக்கின்றன. எல்லா மெய்களையும் ஒரே கோட்டில் அடுக்கிவிடலாம் என்று நினைத்தால் இங்கேதான் சிக்கும். ஜெர்மன் மொழியியலாளர் தியோ வென்னமான் சொன்ன ஒரு வரையறை இந்தச் சிக்கலை அழகாகக் கடந்துபோகிறது: ஓர் ஒலி மறைந்துபோகும் வழியில் இன்னோர் ஒலியாக மாறிப் போகிறது என்றால், அந்த இரண்டாவது ஒலிதான் மெலிந்தது. காதால் அளக்க வேண்டியதில்லை, மொழி வரலாற்றைப் பார்த்தால் போதும். ப வெறுமைக்குப் போகும் வழியில் ஹ வருகிறதா? வருகிறது. கர்நாடகத்தின் பல கிராமப்புறப் பேச்சில் ஹாலு ஆலு ஆகிவிட்டது, ஹ-வும் போய்விட்டது. பால், ஹாலு, ஆலு. மூன்று சொல்லில் முழுப் பயணமும் தெரிகிறது.

இதுவரை எல்லாம் இறக்கம். ஏறுவது அபூர்வம், ஆனால் இல்லாமல் இல்லை. உதாரணத்துக்கு அதே கன்னடத்தைப் பார்க்கலாம். நாம் வா என்பதை அவர்கள் பஸ் ப-வோடு பா என்கிறார்கள். வில் பில்லு, வெள்ளி பெள்ளி, வெண்ணெய் பெண்ணெ, எல்லாமே பஸ் ப. சொல்லின் முதலில் இருந்த வ உதட்டை முழுதாக மூடி, அடைப்பொலியாக ஏறிவிட்டது. ஆனால் சொல்லின் நடுவே? அவன் என்பது அங்கேயும் அவனு, நீங்கள் என்பது நீவு. நடுவில் இருந்த வ ஏறவில்லை. வலிவுக்கும் இடம் முக்கியம், மெலிவு விரும்புகிற இடத்துக்கு நேர் எதிரான இடம் அது: சொல் தொடக்கம், அல்லது இன்னொரு மெய்க்குப் பின்னால். ஒரே மொழியில், ஒரே இடத்தில், ப கீழே இறங்கி ஹ ஆனதும் வ மேலே ஏறி பஸ் ப ஆனதும் நடந்திருக்கிறது. வலிமை வரிசை எந்தப் பக்கம் படி இருக்கிறது என்று காட்டும், எந்த மொழி எப்போது எந்தப் பக்கம் நடக்கும் என்று சொல்லாது.

தினமும் நாம் கடையில் கேட்கிற ஒரு ஜோடி இருக்கிறது: வாரண்டி, கேரண்டி. இரண்டும் பழைய ஜெர்மானிய மொழியின் வ-வில் தொடங்கும் ஒரே வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தவை. பிரெஞ்சு பேசியவர்களிடம் அப்போது சொல் தொடக்கத்தில் அப்படி உதட்டைக் குவித்துச் சொல்லும் வ இல்லை. அந்த ஒலியில் உதடு குவிவதோடு நாக்கின் பின்பகுதியும் மேலே எழும். அந்தப் பின்பகுதியை இறுக்கி அவர்கள் அதை ‘க்வ’ என்று வலுவாக்கினார்கள், தங்கத்தில் வரும் க-வோடு. பிறகு வ உதிர்ந்து க மட்டும் நின்றது. வடக்கே நார்மண்டியில் பழைய வ அப்படியே இருந்தது. ஆங்கிலம் நார்மானியரிடமிருந்து வாரண்டியையும், வலிவு நடந்த பக்கத்திலிருந்து கேரண்டியையும் வாங்கிக்கொண்டது. வார்டன், கார்டியன் ஜோடியும் இதே கதைதான்.

இதையெல்லாம் நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டுமானால் விரலைத் தொண்டையில் லேசாக வைத்துக்கொண்டு முப்பது, அம்பது என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். முதலாவதில் அதிர்வு நடுவில் அறுபடும், இரண்டாவதில் அறுபடாது. இருபதுக்குக் கண்ணாடி வேண்டும், உதடு ஒட்டுகிறதா என்று பார்க்க. ஆனால் கவனித்துக்கொண்டு சொன்னால் எல்லாருமே ஒழுங்காக உதட்டை ஒட்டி ‘இருபது’ என்றுதான் சொல்வார்கள், அதனால் பயன் இல்லை. விலை பேசும்போது, வயது சொல்லும்போது பதிவு செய்ததுதான் நம்பத்தக்கது. கணினியில் Praat என்ற இலவச மென்பொருளில் அந்தப் பதிவைத் திறந்தால், முப்பதின் நடுவே ஒலியே இல்லாத ஒரு வெற்று இடைவெளி தெரியும். அம்பதில் ம் முடிந்த பிறகு ஒரு குறுகிய இடைவெளி, அதன் அடியில் மட்டும் அதிர்வின் மெல்லிய பட்டை. இருவதில் இடைவெளியே இருக்காது, உயிரிலிருந்து உயிருக்கு ஒலி தொடர்ந்து ஓடியிருக்கும், நடுவில் கொஞ்சம் மங்கலாக. ஒரே ஆள் செய்தி வாசிக்கிற குரலில் ஒரு முறையும் தெருவில் பேசுகிற குரலில் ஒரு முறையும் சொன்னதை அடுத்தடுத்து வைத்தால், இருபதின் ப ஒரு படி இறங்கியிருப்பது தெரியும், முப்பதின் ப்ப இரண்டிலும் அதே படியில் நிற்பதும் தெரியும்.